To, Cc, Bcc: எந்தப் பெயரை எந்த வரியில் எழுத வேண்டும்?

எங்கள் அடுக்ககத்தில் 84 வீடுகள். உரிமையாளர் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற முதல் மாதத்தில், மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளை அறிவித்து எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பினேன். முன்பு செயலாளராக இருந்தவர் கொடுத்த எக்செல் தாளிலிருந்து 84 முகவரிகளையும் எடுத்து, கர்சர் நின்றிருந்த வரியில் அப்படியே ஒட்டினேன். அது To வரி.

அரை மணி நேரத்தில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், தன் மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுவதைப் பற்றி Reply all அழுத்தி எழுதினார். மேல்வீட்டுக்காரரும் அதே பொத்தானை அழுத்திப் பதில் சொன்னார். இருவர் சண்டையை 84 வீடும் இரவு வரை படித்தது. அதைக்கூடப் பேசித் தீர்த்துவிட்டோம். மறுநாள் தனியாக வசிக்கும் ஓர் அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டி, "சார், என் மெயில் ஐடி எல்லாருக்கும் எப்படிப் போச்சு? முன்பின் தெரியாத ஒருத்தர் ராத்திரி மெயில் போட்டிருக்கார்" என்று கேட்டபோதுதான் நான் செய்தது என்னவென்று புரிந்தது. அவருடைய முகவரியில் முழுப்பெயரும் பிறந்த ஆண்டும் இருந்தன. சங்கத்தை நம்பி அவர் கொடுத்ததை, அவரைக் கேட்காமல் நான் 83 பேருக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இந்த மூன்று வரிகளையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார்பன் தாளிலிருந்து வந்த பெயர்கள்

1980களில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்தவன் என்பதால் இந்தச் சொற்கள் எனக்குப் புதியவை அல்ல. மேலே நல்ல தாள், அதன்கீழ் கார்பன், அதன்கீழ் மெல்லிய தாள், மறுபடி கார்பன் என்று அடுக்கி இயந்திரத்தின் உருளையில் ஏற்றுவோம். கடிதத்தின் மேற்பகுதியில் அனுப்புநர், பெறுநர். கையொப்பத்துக்குக் கீழே இடப்பக்கம் "நகல்:" என்று போட்டு, யார் யாருக்கு நகல் போகிறது என்று எழுதுவோம். அசலைப் பெறுபவருக்கும் அது தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் எழுதுவது. மெயிலில் இருக்கும் Cc இதுதான். கார்பன் காப்பி என்பதன் சுருக்கம்.

சில கடிதங்களில் இன்னொரு வேலையும் உண்டு. பெறுநருக்குத் தெரியாமல் ஓர் அதிகாரிக்கு நகல் போக வேண்டியிருக்கும். அப்போது கடிதத்தை அடித்து முடித்து, எல்லாத் தாள்களையும் வெளியே உருவி, அந்த ஒரு நகலை மட்டும் மறுபடி உருளையில் ஏற்றி, அந்த அதிகாரியின் பெயரை அதில் மட்டும் அடிப்போம். அசலில் அந்த வரியே இருக்காது. Bcc என்பது அந்தத் தாள். பிளைண்ட் கார்பன் காப்பி. மற்றவர் கண்ணுக்குப் படாத நகல்.

மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்த ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம் 1982-இல் வந்தது. To, Cc, Bcc மூன்றும் அதில் இருக்கின்றன. இன்று நடைமுறையில் உள்ள, 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5322-இலும் அவை அப்படியே தொடர்கின்றன. அலுவலக மேசையிலிருந்த பழக்கத்தைத்தான் கணினிக்குள் கொண்டுபோனார்கள்.

மெயில் போகும்போது உள்ளே நடப்பது

Bcc-யில் இருப்பவரின் பெயர் எப்படி மறைகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் அது மறையாது என்பதும் தெரிந்துவிடும். அதற்காகக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

தபாலில் கடிதம் ஒன்று, உறை ஒன்று. கடிதத்தின் தலைப்பில் "பெறுநர்" என்று எழுதியிருப்பதைத் தபால்காரர் படிப்பதில்லை. உறைமேல் இருக்கும் முகவரியைத்தான் பார்க்கிறார். மெயிலும் அப்படித்தான். நீங்கள் Send அழுத்தியதும், உங்கள் மெயில் சேவை அடுத்த சர்வரிடம் முதலில் உறை விவரத்தைச் சொல்கிறது, பிறகுதான் கடிதத்தைக் கொடுக்கிறது. சங்கத்திலிருந்து லிஃப்ட் நிறுவனத்துக்குப் போகும் ஒரு மெயிலைப் பாருங்கள்:

```
MAIL FROM:<seyalar@example.com>
RCPT TO:<service@example.net>
RCPT TO:<thalaivar@example.org>
RCPT TO:<porulalar@example.org>
DATA
From: seyalar@example.com
To: service@example.net
Cc: thalaivar@example.org
Subject: லிஃப்ட் பழுது
```

`DATA` என்ற சொல்லுக்கு மேலே இருப்பது உறை. கீழே இருப்பது கடிதம். உறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். கடிதத்தில் இரண்டு பேர்தான். அந்த மூன்றாமவர், பொருளாளர், இங்கே உதாரணத்துக்காக Bcc-யில் போடப்பட்டவர். அவர் முகவரி உறையில் இருப்பதால் மெயில் அவருக்குப் போய்ச் சேரும். கடிதத்தில் இல்லாததால் மற்ற இருவருக்கும் அவர் இருப்பது தெரியாது.

இதிலிருந்து முக்கியமான ஒன்று புரிகிறது. மூன்று வரியில் எதில் போட்டாலும் மெயில் ஒரே மாதிரிதான் போய்ச் சேர்கிறது. To-வில் இருப்பவருக்கு முதலிலும் Cc-யில் இருப்பவருக்குத் தாமதமாகவும் போவதில்லை. உறையில் எல்லோரும் `RCPT TO` தான். வித்தியாசம் இரண்டே இடத்தில்: கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் தெரிகிறது, அதைப் பார்த்துப் பதில் எழுதுபவரின் மெயில் யாருக்கெல்லாம் போகிறது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு மெயிலை அனுப்பும்போதே அதற்கு வரப்போகும் பதில்களின் பாதையையும் நாம் போட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

Reply அழுத்தினால் பதில் அனுப்பியவருக்கு மட்டும் போகும். Reply all அழுத்தினால் அனுப்பியவர், To-வில் உள்ளவர்கள், Cc-யில் உள்ளவர்கள் என எல்லோருக்கும் போகும். Bcc-யில் உள்ளவர்களுக்குப் போகாது, ஏனென்றால் பதில் எழுதுபவரின் கடிதத்தில் அவர்கள் முகவரியே இல்லை.

To: எழுந்து போய் வேலை செய்ய வேண்டியவர்

முகவரியைத் தட்டுவதற்கு முன் நான் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்வேன்: இந்த மெயிலைப் படித்துவிட்டு யார் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும், அல்லது யார் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்? அவர்தான் To.

பி பிளாக் லிஃப்ட் இரண்டு நாளாக நான்காம் மாடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரிசெய்ய வேண்டியவர் லிஃப்ட் நிறுவனத்தின் சர்வீஸ் பொறியாளர். To-வில் அவர் மட்டும். நானும் ஆரம்பத்தில் பொறியாளர், அவருடைய மேலாளர், எங்கள் தலைவர், பொருளாளர், லிஃப்டை இயக்கத் தெரிந்த வாட்ச்மேன் என்று ஐந்து பேரையும் To-வில் போட்டேன். மூன்று நாள் ஆகியும் யாரும் அசையவில்லை. போனில் கேட்டால், மேலாளர் பார்த்துக்கொள்வார் என்று பொறியாளரும், பொறியாளர் போயிருப்பார் என்று மேலாளரும் நினைத்திருந்தார்கள். தலைப்பில் ஐந்து பெயர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் மற்ற நால்வர் தெரிகிறார்கள்.

இரண்டு பேருக்கு இரண்டு வேலை இருக்கிறதென்றால் இருவரையும் To-வில் போடலாம். ஆனால் கடிதத்தின் முதல் வரிகளிலேயே யாருக்கு என்ன என்று பெயர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும்: பொறியாளர் வியாழன் காலை 10 மணிக்குள் வந்து பார்க்க வேண்டும், கணக்குப் பிரிவினர் ஆண்டு ஒப்பந்த ரசீதை அனுப்ப வேண்டும். அப்படிப் பிரித்து எழுத முடியவில்லையென்றால், அவர்களில் ஒருவர் To-வில் இருக்க வேண்டியவரே இல்லை.

Cc: தெரிந்திருந்தால் போதும் என்பவர்

Cc-யில் இருப்பவரிடம் நாம் எதையும் கேட்கவில்லை. நடப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகக் கடிதங்களில் நகலுக்குப் பக்கத்தில் "தகவலுக்காக" என்று எழுதுவோமே, அந்தப் பொருள்தான். அங்கேயே "தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்" என்று எழுதும் வழக்கமும் உண்டு. மெயிலில் அதைத் தவிர்ப்பது நல்லது. நடவடிக்கை எடுக்க வேண்டியவரை Cc-யில் வைத்தால், அவர் தகவலாகப் படித்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

லிஃப்ட் மெயிலில் சங்கத் தலைவரும் பொருளாளரும் Cc. தலைவரை யாராவது படிக்கட்டில் நிறுத்திக் கேட்டால், புகார் கொடுத்தாயிற்று என்று அவர் சொல்ல முடிய வேண்டும். செலவு வந்தால் பொருளாளர் தயாராக இருக்க வேண்டும். கடிதத்தின் கடைசியில் "தலைவரும் பொருளாளரும் நகலில் உள்ளனர்; அனைவருக்கும் சேர்த்துப் பதில் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரி இல்லாவிட்டால் பொறியாளர் வெறும் Reply அழுத்துவார், பதில் எனக்கு மட்டும் வரும், அதை நான் மறுபடி இருவருக்கும் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

மேலதிகாரியை Cc-யில் சேர்ப்பது தனி விஷயம். முதல் மெயிலிலேயே பொறியாளரின் மேலாளரை Cc-யில் வைத்தால், புகார் சொல்வதற்கு முன்பே புகார் போய்விட்டது என்று பொறியாளர் நினைப்பார். அதன்பிறகு அவர் எழுதும் பதில் லிஃப்டைப் பற்றி இருக்காது, தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக இருக்கும். நான் முதல் மெயிலைப் பொறியாளருக்கு அனுப்பி, குறித்த நாள் தாண்டினால் இரண்டாவது மெயிலில் மேலாளரைச் சேர்ப்பேன். சேர்க்கும்போது "தாமதமாவதால் மேலாளரையும் நகலில் சேர்த்திருக்கிறேன்" என்று வெளிப்படையாக எழுதுவேன்.

இன்னொன்று: Cc-யில் போடப்பட்ட முகவரி எல்லோருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் ஏற்கெனவே அறிந்தவர்கள், அல்லது வேலை காரணமாக அறிய வேண்டியவர்கள் மட்டுமே ஒரே மெயிலின் To-விலும் Cc-யிலும் சேர்ந்து இருக்கலாம்.

Bcc: எங்கே சரி, எங்கே ஆபத்து

Bcc-க்கு நேர்மையான பயன்பாடு என்று நான் இரண்டைத்தான் வைத்திருக்கிறேன்.

முதலாவது, ஒருவருக்கொருவர் முகவரி கொடுத்துக்கொள்ளாத பலருக்கு ஒரே அறிவிப்பை அனுப்புவது. தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பு அப்படிப்பட்டது. 84 பேரும் Bcc-யில் இருந்தால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. மூன்றாம் மாடிக்காரர் Reply all அழுத்தினாலும் அவர் பதில் என் பெட்டிக்கு மட்டுமே வந்திருக்கும். எங்கள் அடுக்ககத்தில் அன்று நடந்த இரண்டு கெடுதலும் ஒரே வரி மாற்றத்தில் நின்றிருக்கும்.

இரண்டாவது, ஒருவரை உரையாடலிலிருந்து மரியாதையாக விடுவிப்பது. எங்கள் தலைவர் ஒரு பெயின்ட் ஒப்பந்ததாரரை எனக்கு மெயிலில் அறிமுகம் செய்து வைக்கிறார். இனி நானும் ஒப்பந்ததாரரும் இருபது மெயில் எழுதிக்கொள்வோம். அத்தனையும் தலைவர் பெட்டியில் விழத் தேவையில்லை. என் முதல் பதிலில் தலைவரை To-விலிருந்து எடுத்து Bcc-யில் போட்டு, "அறிமுகத்துக்கு நன்றி சார். உங்களை Bcc-க்கு மாற்றிவிட்டேன்" என்று தொடங்குவேன். நான் எழுதிவிட்டேன் என்பது அவருக்குத் தெரிகிறது. ஒப்பந்ததாரர் அதற்குப் பதில் எழுதும்போது தலைவர் பெயர் தானாகவே நின்றுவிடுகிறது. இங்கே மறைவு எதுவும் இல்லை, எல்லோருக்கும் சொல்லித்தான் செய்கிறோம்.

மூன்றாவதாகப் பலர் செய்வது, எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் இன்னொருவரைப் படிக்க வைப்பது. இதைச் செய்ய வேண்டாம் என்பேன். நியாய அநியாயத்தை ஒரு பக்கம் வைத்தாலும், இது வேலைக்கு ஆகாத வழி. லிஃப்ட் நிறுவனத்துடன் தகராறு முற்றி, சங்கத்தின் வழக்கறிஞரை Bcc-யில் வைத்து எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பயணத்தில் இருக்கிறார். போனில் மெயிலைப் பார்க்கிறார். தான் Bcc-யில் இருப்பது சின்ன எழுத்தில்தான் தெரியும். Reply all அழுத்தி, "பணத்தை நிறுத்தி வையுங்கள், நோட்டீஸ் அனுப்பிவிடலாம்" என்று எழுதுகிறார். அவருக்கு வந்த கடிதத்தில் To-வும் Cc-யும் முழுதாக இருப்பதால் அந்தப் பதில் நேராக லிஃப்ட் நிறுவனத்துக்கும் போய்விடும். அவர் ஒளிந்து படித்ததும் தெரியும், நம் திட்டமும் தெரியும்.

வழக்கறிஞருக்குக் காட்ட வேண்டுமென்றால், மெயிலை வழக்கம்போல் அனுப்பிவிட்டு, Sent பகுதியில் அதைத் திறந்து Forward செய்யுங்கள். அவர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பதில் உங்களுக்கு மட்டும்தான் வரும். மேலே இரண்டு வரி எழுதி விஷயத்தை விளக்கவும் இடம் கிடைக்கும்.

Bcc-யில் இருப்பவருக்கு அடுத்தடுத்த பதில்கள் போகாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒருவர் உரையாடல் முழுவதையும் தொடர வேண்டுமென்றால் அவருக்கு உரிய இடம் Cc.

84 வீட்டுக்கு அறிவிப்பு: இப்போது நான் அனுப்பும் விதம்

ஜிமெயிலைக் கணினியில் திறந்து Compose அழுத்துகிறேன். முதலில் கடிதத்தையும் தலைப்பையும் எழுதி முடிக்கிறேன். முகவரி எதையும் இன்னும் போடவில்லை. பாதி எழுதியிருக்கும்போது கை தவறி Send பட்டுவிட்டால்கூட, முகவரி இல்லாத மெயில் எங்கும் போகாது.

அடுத்து To வரியில் சங்கத்தின் முகவரியையே போடுகிறேன். எல்லோரையும் Bcc-யில் வைத்து To-வைக் காலியாக விட்டாலும் ஜிமெயில் அனுப்பும். ஆனால் பெறுபவரின் கடிதத்தில் பெறுநர் இடத்தில் `undisclosed-recipients:;` என்று வரும். இதை மோசடி மெயிலோ என்று சந்தேகப்பட்ட பெரியவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். To-வில் சங்கத்தின் முகவரி இருந்தால் அந்தச் சந்தேகம் வருவதில்லை, எனக்கும் ஒரு பிரதி வந்துவிடுகிறது.

பிறகு To வரியின் வலது ஓரத்தில் தெரியும் Bcc என்ற எழுத்தை அழுத்துகிறேன். விசைப்பலகையில் Ctrl+Shift+B அழுத்தினாலும் அந்த வரி திறக்கும், Cc-க்கு Ctrl+Shift+C. போனில் ஜிமெயில் செயலியில் To வரியின் வலப்பக்கம் இருக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினால் இரண்டும் தெரியும். விண்டோஸ் கணினியில் பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்கள் புதிய மெயில் சாளரத்தில் Options தாவலுக்குப் போய் Bcc-யை அழுத்த வேண்டும். அதுவரை அந்த வரி கண்ணில் படாது. தெரியாத வரியில் யாரும் முகவரியைப் போட மாட்டார்கள் என்பதால், இந்தத் தவறு இவ்வளவு சகஜமாக நடக்க இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எக்செல் தாளிலிருந்து முகவரிகளை Bcc-யில் ஒட்டியபின் கையை மௌஸிலிருந்து எடுத்துவிடுகிறேன். திரையைப் பார்த்து மெதுவாகப் படிக்கிறேன்: To-வில் ஒரே ஒரு முகவரி. Cc காலி. Bcc-யில் நீண்ட வரிசை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் Send.

அனுப்பியதும் Sent பகுதியில் அந்த மெயிலைத் திறந்து, என் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்திப் பார்க்கிறேன். bcc: என்ற வரியில் 84 முகவரிகளும் வரிசையாக இருக்கும். அனுப்பியவருக்கு மட்டும் இது தெரியும். பெறுபவர் ஜிமெயில் வைத்திருந்து அதே அம்புக்குறியை அழுத்தினால், மற்றவர் பெயர் எதுவும் இல்லாமல், தான் Bcc-யில் இருப்பது மட்டும் தெரியும். புதிதாக ஒரு மெயில் சேவையைப் பயன்படுத்தத் தொடங்கும்போது இதை ஒருமுறை சோதித்துவிடுங்கள்: உங்களுடைய ஒரு முகவரி, வீட்டில் ஒருவருடைய முகவரி இரண்டையும் Bcc-யில் போட்டு அனுப்பி, இரண்டு பெட்டியிலும் என்ன தெரிகிறது என்று பாருங்கள். காரணம் இருக்கிறது. Bcc-யைக் கையாள ஆர்எஃப்சி 5322 ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளை அனுமதிக்கிறது. To, Cc பிரதிகளிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டு, Bcc-யில் இருப்பவர்களின் பிரதியில் மட்டும் அதை விட்டுவைக்கும் முறையும் அவற்றில் ஒன்று. அப்படியானால் Bcc-யில் இருப்பவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்த்துவிடலாம்.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. ஜிமெயிலின் இலவசக் கணக்கில் ஒரு மெயிலுக்கு 500 பேருக்கு மேல் போட முடியாது. அதற்குள்ளேயும், பெரிய Bcc பட்டியல் ஸ்பேமில் விழ வாய்ப்பு இருக்கிறது. எங்கள் சங்கத்தில் முதல் சில அறிவிப்புகள் சிலருக்கு அப்படித்தான் போயின. சங்கத்தின் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிய பிறகு அது குறைந்தது.

Bcc-யை நம்பி அனுப்பக் கூடாத பட்டியல்கள்

தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பில் கை தவறினால் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளலாம். பட்டியலில் இருப்பதே ஒரு ரகசியம் என்றால் கதை வேறு. லண்டனில் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற பாலியல் நல மருத்துவமனை 2015 செப்டம்பரில் தன் செய்திமடலை 781 பேருக்கு அனுப்பியபோது முகவரிகள் Bcc-க்குப் பதிலாக To-வில் போய்விட்டன. அதில் 730 முகவரிகளில் முழுப்பெயர் இருந்தது. அந்தச் செய்திமடல் எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோருக்கானது. கடிதத்தில் எந்த நோய் விவரமும் எழுதத் தேவையில்லை. பெயர் அந்த வரியில் இருந்ததே போதும். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2016-இல் அந்த மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளைக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதே அறக்கட்டளையில் 2010-இல் 17 நோயாளிகளுக்குப் போன மெயிலில் இதே தவறு ஏற்கெனவே நடந்திருந்தது.

2021 செப்டம்பர் 20 அன்று நடந்தது இதைவிடக் கொடியது. ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் படைகளோடு வேலை பார்த்தவர்களை வெளியேற்றும் திட்டத்தின் குழு, அங்கே சிக்கியிருந்த 245 பேருக்கு To வரியில் மெயில் அனுப்பியது. அவர்களில் 55 பேரின் புகைப்படமும் முகவரியோடு தெரிந்தது. இரண்டு பேர் Reply all அழுத்தினார்கள். அதில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே பட்டியல் முழுவதற்கும் எழுதிவிட்டார். தாலிபான் கையில் அந்தப் பட்டியல் கிடைத்திருந்தால் உயிர்கள் போயிருக்கலாம் என்று ஆணையர் அலுவலகம் சொன்னது. பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 2023-இல் 3,50,000 பவுண்டு அபராதம்.

இரண்டிலும் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே, அவ்வளவுதான் தூரம். அதனால் சிகிச்சை, கடன், புகார், வழக்கு, சாதி, தேர்வில் தோல்வி என்று ஒருவர் பட்டியலில் இருப்பதே அவரைப் பற்றி எதையாவது சொல்லிவிடும் இடங்களில் Bcc-யைக்கூடப் பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயில் போக வேண்டும். ஐந்தாறு பேர் என்றால் கையாலேயே தனித்தனியாக அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் மெயில் மெர்ஜ் இருக்கிறது: வேர்டில் கடிதம், எக்செலில் பெயரும் முகவரியும், அவுட்லுக் வழியாக ஆளுக்கு ஒரு மெயிலாக அனுப்பிவிடும். அங்கே ஒரு மெயிலுக்கு ஒரே முகவரிதான் இருக்கும், தவறாகப் போட இன்னொரு வரியே இல்லை. எங்கள் சங்கத்தில் பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருப்பவர்களுக்கான நினைவூட்டலை இப்போது இப்படித்தான் அனுப்புகிறோம். பதினோரு வீடுதான் என்றாலும், யார் யார் பாக்கி என்பது மற்ற பத்து பேருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அழுத்திய பிறகு தவறு தெரிந்தால்

ஜிமெயிலில் Send அழுத்தியதும் திரையின் கீழே Undo என்று வரும். முதலில் அதற்கு 5 வினாடிதான் இருக்கும். இன்றே Settings-இல் See all settings, அதில் General பகுதிக்குப் போய், Undo Send என்ற இடத்தில் 30 வினாடி என்று மாற்றி, பக்கத்தின் அடியில் Save Changes அழுத்திவிடுங்கள். அந்த 30 வினாடியும் மெயில் கூகுளிடமே காத்திருக்கிறது. அதனால்தான் திரும்பப் பெற முடிகிறது. அது கடந்தபின் ஜிமெயிலில் வழி இல்லை. அவுட்லுக்கில் Recall என்று ஒன்று உண்டு. அது ஒரே நிறுவனத்தின் மெயில் அமைப்புக்குள் இருப்பவர்களிடம் மட்டும்தான் வேலை செய்யும், வெளியே ஜிமெயிலுக்கோ யாஹூவுக்கோ போனதைத் தொடாது.

போய்ச் சேர்ந்துவிட்டதென்றால், அந்த மெயிலுக்கே Reply all போட்டு மன்னிப்புக் கேட்காதீர்கள். அதே பட்டியல் இன்னொரு முறை எல்லோர் பெட்டிக்கும் போகும். புதிய மெயில் ஒன்றைத் திறந்து, To-வில் உங்கள் முகவரியும் Bcc-யில் அவர்களும் இருக்க, நடந்ததைச் சொல்லி, முந்தைய மெயிலை அழித்துவிடும்படியும் அதற்குப் பதில் எழுத வேண்டாம் என்றும் கேளுங்கள். யாருக்காவது இதனால் தொந்தரவு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு போன் எண்ணும் அதில் இருக்கட்டும். அலுவலக வேலை என்றால் மேலதிகாரியிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எங்கள் குடியிருப்பில் அந்த அம்மாவின் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். சங்கத்தின் மெயில்களைப் பெறுவதற்கென்று வேறொரு முகவரி தொடங்கிக்கொள்ள அவருக்கு உதவி செய்தேன். இப்போது எங்கள் அறிவிப்புகள் அந்த முகவரிக்குப் போகின்றன, Bcc வரியில்.